ஒன்றைப் போட்டால் சரி, இரண்டைப் போட்டால் தப்பு

அண்ணன் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டியூஷனில் கொடுத்த பயிற்சித்தாள் அது. பாடப்புத்தகம் என்றால் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். இந்தத் தாளுக்கு அந்த வசதி இல்லை.

“சித்தப்பா, நானே சரிபார்த்துட்டேன். சும்மா ஒரு தடவை நீங்களும் பாத்துருங்க.”

கணக்கு இதுதான். அச்சில் அடுக்கை மேலே பொடி எழுத்தில் போடுவது சிரமம் என்பதால், கணினியில் தட்டுவது போல ^ குறியைப் போட்டு எழுதுகிறேன்.

(8x^(-6) / 27)^(-2/3)

இதைச் சுருக்க வேண்டும். அவள் எழுதியிருந்த விடை 9 / (4x^4).

“எப்படிம்மா சரிபார்த்தே?”

“xக்கு 1 போட்டேன். அப்போ கணக்குல 8/27 மட்டும்தான் நிக்கும். அதோட அடுக்கு -2/3. தலைகீழாக்கி, கனமூலம் எடுத்து, வர்க்கம் பண்ணினா 9/4. என் விடையிலயும் xக்கு 1 போட்டா 9/4. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

ஒன்றாகத்தான் இருக்கிறது. அவள் செய்த கூட்டல் பெருக்கலில் ஒரு பிசகும் இல்லை. ஆனாலும் விடை தப்பு. சரிபார்க்காமல் தப்பு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் சரிபார்த்துவிட்டுத் தப்பு விட்டிருந்தாள். எனக்கு இதுதான் சுவாரசியமாகப் பட்டது.

பள்ளிக் கணக்கை விட்டுப் பல வருஷமானவர்களுக்காக, இந்த அடுக்குகள் என்ன சொல்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடலாம். (இலங்கைப் பாடநூல்களில் இதையே சுட்டி என்பார்கள்.) 2^3 என்றால் 8, 2^2 என்றால் 4, 2^1 என்றால் 2. அடுக்கு ஒவ்வொரு படியாக இறங்கும்போது மதிப்பு பாதியாகிறது. இறங்குவதை நிறுத்தாமல் போனால் 2^0 என்பது 1, 2^(-1) என்பது 1/2, 2^(-2) என்பது 1/4. ஆக, அடுக்கில் மைனஸ் வந்தால் எண் ‘குறை எண்’ ஆகிவிடாது. பின்னத்தின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும், அவ்வளவுதான். பின்ன அடுக்கும் அதே நேர்மையில் பிறந்தது. 9^(1/2) என்பதை அதனோடு அதையே பெருக்கினால் அடுக்குகள் கூடி 9^1 வரவேண்டும். தன்னைத்தானே பெருக்கி 9 ஆவது 3. எனவே 1/2 என்ற அடுக்கு வர்க்கமூலம், 1/3 என்ற அடுக்கு கனமூலம். 8^(2/3) என்றால் 8-க்குக் கனமூலம் 2, அதன் வர்க்கம் 4.

மைனஸும் பின்னமும் தனித்தனியே வந்தால் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. உள்ளே ஒரு மைனஸ், வெளியே ஒரு மைனஸ், நடுவில் ஒரு பகுதி, மேலே ஒரு மூலம் என்று ஒரே அடைப்புக்குள் எல்லாம் கூடும்போதுதான் கை தவறும்.

சரி, அவள் கணக்குக்கு வருவோம். “1 வேண்டாம், 2 போட்டுப் பாரு” என்றேன்.

x-க்கு 2 போட்டால் x^6 என்பது 64, x^(-6) என்பது 1/64. அதை 8-ஆல் பெருக்கினால் 1/8. 27-ஆல் வகுத்தால் 1/216. இப்போது வெளியே உள்ள -2/3. மைனஸுக்காகத் தலைகீழாக்கினால் 216. அதன் கனமூலம் 6. வர்க்கம் 36.

அவள் விடையில் 2 போட்டால் x^4 என்பது 16, அதன் நான்கு மடங்கு 64. ஆக 9/64.

ஒரு பக்கம் 36. மறு பக்கம், ஒன்றில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு பின்னம். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. “அப்போ 1 போட்டப்ப மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

ஒன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதான். எந்த மூலம் எடுத்தாலும் ஒன்று, தலைகீழாக்கினாலும் ஒன்று. x-இன் அடுக்கு 4 என்றாலும் -4 என்றாலும் 400 என்றாலும், x = 1 என்றதும் எல்லாம் ஒரே மதிப்பாகிவிடும். அவள் சோதித்தது அடுக்கையே அல்ல. கெழுவை, அதாவது 9/4 என்ற எண்ணை மட்டும். அது சரியாக இருந்தது, சோதனையும் சரி என்றது. சோதனை பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது.

தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பதையும் அந்த இரண்டு எண்களிடமே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 36-ஐ 9/64-ஆல் வகுத்துப் பாருங்கள். 36 × 64 / 9 = 256. இந்த 256 என்பது 2^8. நாம் x-க்குப் போட்டதும் 2. ஆகவே உண்மையான விடை அவள் விடையைப் போல x^8 மடங்கு இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது x-இன் அடுக்கில் எட்டு குறைகிறது. அவள் விடையில் x^4 கீழே இருக்கிறது, அதன் அடுக்கு -4. எட்டைக் கூட்டினால் 4. x^4 மேலே இருந்திருக்க வேண்டும்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அப்படித்தான். முதல் வரியில் வெளி மைனஸுக்காகப் பின்னத்தைத் தலைகீழாக்கி (27 / (8x^(-6)))^(2/3) என்று அழகாக எழுதியிருந்தாள். அடுத்த வரி 9 / (4x^(-4)), அதுவும் சரி. கடைசி வரிக்கு வரும்போது, பகுதியில் இருந்த x^(-4)-ஐ மேலே தூக்கி வைப்பதற்குப் பதிலாக, மைனஸை மட்டும் துடைத்துவிட்டு x^4 என்று அங்கேயே விட்டிருந்தாள். ‘ஒரு தடவைதான் தலைகீழாக்கியாச்சே’ என்று மனசு கணக்குப் போட்டிருக்கும். தலைகீழாக்கியது வெளி மைனஸுக்காக. உள்ளே இருந்த மைனஸ் அப்படியே பாக்கி நின்றது. சரியான விடை 9x^4 / 4. அதில் 2 போட்டால் 9 × 16 / 4 = 36.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் கணக்கில் 8 என்ற கெழுவும் 2-இன் அடுக்குத்தான். அதனால் 256 என்பது x-இல் விட்ட பிழையா, 8-இல் விட்ட பிழையா என்று சந்தேகம் வரலாம். துப்புத் துலக்க வேண்டுமென்றால் கணக்கில் எங்கும் தலைகாட்டாத ஒரு பகா எண்ணைப் போடுவது நல்லது. இங்கே 5. பெருக்கி முடிக்கக்கூட வேண்டாம். கணக்கின் மதிப்பு 9 × 5^4 / 4, அவள் விடையின் மதிப்பு 9 / (4 × 5^4). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5^8. கணக்கில் ஐந்தே கிடையாது, வந்த ஐந்தெல்லாம் x போட்ட ஐந்து. குற்றவாளி தனியாக நிற்கிறான்.

“அப்போ இனிமே 1 போடவே கூடாதா?” என்று கேட்டாள். போடலாம். 1 கெழுவைப் பார்க்கும், 2 அடுக்கைப் பார்க்கும். விடை ஒரே உறுப்பாக, ஓர் எண் பெருக்கல் x-இன் ஏதோ ஓர் அடுக்கு என்ற வடிவில் இருந்து, x மிகை எண்ணாகவும் இருந்தால், இந்த இரண்டு சோதனையும் தேறிய விடை தப்பாக இருக்கவே முடியாது. ஏனென்றால் 1 போட்டபோது இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கெழுக்கள் ஒன்றே. கெழுக்கள் ஒன்றான பிறகு 2 போட்டும் ஒத்துப்போனால், 2-இன் ஓர் அடுக்கும் 2-இன் இன்னோர் அடுக்கும் சமம். இரண்டு வெவ்வேறு அடுக்குகளுக்கு 2 ஒரே மதிப்பைத் தராது. ஆகவே அடுக்கும் ஒன்றே. பொதுவாக, எண்ணைப் போட்டுப் பார்ப்பது தப்பைக் காட்டிக்கொடுக்கும், சரியை நிரூபிக்காது என்பார்கள். ஒற்றை உறுப்பு விஷயத்தில் அது நிரூபிக்கவும் செய்கிறது. y என்று இன்னோர் எழுத்தும் இருந்தால் அதற்கு மட்டும் 2 போட்டு மூன்றாவதாக ஒரு சோதனை. அதற்கு மேல் தேவையில்லை.

ஆனால் x மீதே பின்ன அடுக்கு இருந்தால் 2 போட்டுக் காரியமாகாது. 2^(1/2) என்றால் 1.414... என்று வால் நீளும், கையால் பார்க்க முடியாது. அடுத்த கணக்கு அப்படிப்பட்டதுதான்.

x^(3/4) × x^(-1/2) ÷ x^(-1/4)

இங்கே எந்த எண்ணைப் போடுவது? அடுக்குகளின் பகுதிகளைப் பாருங்கள்: 4, 2, 4. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 4. அப்படியானால் 2^4, அதாவது 16-ஐப் போடுங்கள். எல்லா மூலமும் முழு எண்ணாக வெளியே வரும். 16-இன் நான்காம் மூலம் 2. அதன் கனம் 8. x^(-1/2) என்பது 1/4. x^(-1/4) என்பது 1/2. ஆக 8 × 1/4 = 2; 2-ஐ அரையால் வகுத்தால் 4. சுருக்கிய விடை x^(1/2) என்றால் 16-இன் வர்க்கமூலம் 4. ஒத்துப்போகிறது. கடைசியில் இருக்கும் வகுத்தலையும் மைனஸையும் ஒரே மைனஸாக எண்ணி 3/4 - 1/2 - 1/4 = 0 என்று போட்டு, விடை 1 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 4 எங்கே, 1 எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து வந்தால் பொது மடங்கு 6, எண் 64. அதன் வர்க்கமூலம் 8, கனமூலம் 4, ஆறாம் மூலம் 2. எனக்கு மிகப் பிடித்த எண் இது. x^(1/2) × x^(-1/3) என்பதில் போட்டால் 8 × 1/4 = 2. விடை x^(1/6), அதுவும் 2. அடுக்குகளைக் கூட்டாமல் பெருக்கி x^(-1/6) என்று எழுதியிருந்தால் 1/2 வரும், மாட்டிக்கொள்ளும். 1/2, 1/3, 1/4 மூன்றும் வந்தால் 2^12, அதாவது 4096 வேண்டும். அப்போதும் பயப்பட ஒன்றுமில்லை. 4096 என்று விரிக்காமல் 2^12 என்றே வைத்துக்கொண்டால் அரை அடுக்கு 2^6, மூன்றில் ஒன்று 2^4, கால் 2^3 என்று பின்னமெல்லாம் முழு எண்ணாகிவிடும்.

வர்க்கமூலக் கணக்குக்குப் பிள்ளைகள் ஆசையாகப் போடும் எண் 4. சின்ன எண், முழு வர்க்கம். இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. 4-இன் வர்க்கமூலம் 2; 4-இன் பாதியும் 2. x^(1/2) என்பதை x-இல் பாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை (இப்படி நினைப்பவர்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்) 4-ஐப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 16 போட்டால் வர்க்கமூலம் 4, பாதி 8. குட்டு வெளிப்பட்டுவிடும். 0 போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மைனஸ் அடுக்கு இருந்தால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இதே சோதனை சில நேரம் சரியான பிள்ளையைக் காப்பாற்றவும் செய்யும். ஒரு கணக்கில் அவள் 1/√x என்று எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டுத் தோழி √x / x என்று எழுதியிருக்கிறாளாம். யாருடையது தப்பு என்று வாட்ஸ்அப்பில் சண்டை. 16 போட்டால் ஒருத்தியுடையது 1/4. மற்றவளுடையது 4/16, அதுவும் 1/4. இரண்டும் x^(-1/2)தான். பகுதியில் மூலம் இருக்கக் கூடாது என்று கேட்கும் ஆசிரியர் இரண்டாவதை விரும்புவார். அது வடிவ விருப்பம், சரி தப்பு அல்ல. நல்ல விடையை, ‘எல்லோரும் வேற மாதிரி எழுதியிருக்காங்க’ என்று அடித்துவிட்டுத் தப்பாக மாற்றி எழுதும் பிள்ளைகளும் உண்டு.

அடுத்துக் கூட்டல் உள்ளே வரும் கணக்குகள். (x^(-1) + y^(-1))^(-1) என்று ஒன்று. “இது ஈசி சித்தப்பா. வெளி மைனஸ் ஒண்ணு, உள்ளே மைனஸ் ஒண்ணு, பெருக்கினா பிளஸ் ஒண்ணு. விடை x + y.” அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்ற விதி பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும்தான் உள்ளே நுழையும். கூட்டல் குறியைத் தாண்டி நுழைய அதற்கு அனுமதி இல்லை. இதை விதியாகச் சொன்னால் மறந்துவிடும். அதனால் குழாய்க் கணக்கு சொன்னேன்.

ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று 3 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால்? ஒரு மணி நேரத்தில் முதல் குழாய் தொட்டியில் 1/6, அடுத்தது 1/3, சேர்ந்து 1/2. ஆகவே தொட்டி நிரம்ப 2 மணி நேரம். இதை அடுக்கில் எழுதினால் அவள் கணக்கேதான்: (6^(-1) + 3^(-1))^(-1) = 2. x + y என்று சொன்னால் விடை 9 மணி நேரம். இரண்டு குழாயைத் திறந்தால் ஒரு குழாயைவிட அதிக நேரம் ஆகுமாம்! அவள் சிரித்துவிட்டாள். சரியான சுருக்கம் xy / (x + y); 6-ம் 3-ம் போட்டால் 18/9 = 2.

இந்தக் குழாய்க் கணக்கில் எண் போடுவதற்கு முன்பே இன்னொன்று நடந்தது. ‘விடை எந்தப் பக்கம் சாய வேண்டும்’ என்று பார்த்தோம். அதையே முதல் கணக்கிலும் செய்திருக்கலாம். x-ஐ மிகப் பெரியதாக நினைத்துக்கொள்ளுங்கள். x^(-6) துளியூண்டாகிவிடும். அடைப்புக்குள் இருப்பது துளியூண்டு. அதன் மேல் வெளி மைனஸ் விழுந்ததும் தலைகீழாகி மிகப் பெரியதாகிவிடும். ஆக, x வளர வளர விடையும் வளர வேண்டும். அவள் எழுதிய 9 / (4x^4) தேய்கிறது. பேனாவை எடுக்காமலே தப்பு தெரிந்துவிடுகிறது.

வானமே இந்தச் சோதனையைச் செய்து காட்டும் ஓர் இடம் உண்டு. கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதிப்படி, ஒரு கோள் சூரியனிலிருந்து இருக்கும் தூரம் a என்றால் (பூமியின் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டு), அது ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் காலம் a^(3/2) ஆண்டுகள். அப்படியானால் கோளின் வேகம் என்ன? போகும் பாதையின் நீளம் a-க்கு ஏற்ப வளரும், காலம் a^(3/2)-க்கு ஏற்ப வளரும். வேகம் a ÷ a^(3/2). அடுக்குகளைக் கழித்தால் 1 - 3/2 = -1/2. ஆகவே பூமியைப் போல a^(-1/2) மடங்கு வேகம். இந்தக் கழித்தலைத் திருப்பிப் போட்டுவிட்டு +1/2 என்று எழுதுவது எளிதில் நடக்கிற பிழை. இரண்டில் எது சரி என்று வியாழனிடம் கேட்கலாம். அதன் தூரம் 5.2, வர்க்கமூலம் ஏறத்தாழ 2.28. பூமியின் வேகம் நொடிக்கு 29.8 கிலோமீட்டர். மைனஸ் அடுக்கு சரியென்றால் வியாழன் 29.8 / 2.28, அதாவது நொடிக்குச் சுமார் 13.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிளஸ் என்றால் 68 கிலோமீட்டர். வானியல் அட்டவணையில் இருப்பது 13.1. தூரத்துக் கோள் மெதுவாகத்தான் நடக்கிறது.

பின்ன அடுக்குக்கு இன்னொரு பழைய சோதனை, செய்ததைத் திருப்பிச் செய்து பார்ப்பது. x^(1/2) என்று ஒன்றைச் சொன்னால் அதை வர்க்கம் பண்ணிப் பார், பழையது வருகிறதா என்று. நியூட்டனே இப்படித்தான் செய்தார். (1 - x^2)^(1/2) என்பதற்கு 1 - x^2/2 - x^4/8 - x^6/16 ... என்று முடிவில்லாத் தொடர் ஒன்றை ஊகத்தால் கண்டுபிடித்தார். நம்பலாமா என்று சந்தேகம். அந்தத் தொடரை அதனோடு அதையே பெருக்கிப் பார்த்தார். முதலில் 1, அடுத்து -x^2, x^4-இல் ஒரு கால் கூடி ஒரு கால் கழிந்து பூச்சியம், x^6-இலும் அப்படியே. 1 - x^2 மட்டும் மிஞ்சியது. 1676-இல் ஓல்டன்பர்க் வழியாக லைப்னிட்சுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார்.

“இவ்வளவு எதுக்கு, கால்குலேட்டர்ல போட்டா போச்சு” என்றாள். போடலாம்தான். 16^(-3/4)-ஐப் போடச் சொன்னேன். அடைப்புக்குறி இல்லாமல் 16^-3/4 என்று தட்டினாள். 0.00006 என்று ஆரம்பித்து என்னவோ வந்தது. கருவி முதலில் 16^(-3)-ஐக் கண்டுபிடித்து, பிறகு அதை 4-ஆல் வகுத்துக் கொடுத்திருக்கிறது. உண்மை விடை 1/8, அதாவது 0.125. 16-இன் நான்காம் மூலம் 2, கனம் 8, தலைகீழி 1/8. பின்ன அடுக்கைத் தட்டும்போது அடைப்பு போடாவிட்டால், சரியான விடையைத் தப்பென்று கருவியே சொல்லிவிடும். கணினியிலும் ஒரு வேடிக்கை உண்டு. பைத்தானில் இப்படித் தட்டிப் பாருங்கள்:

```
>>> 64**(1/3)
3.9999999999999996
```

4 வரவில்லையே என்று சுருக்கலைச் சந்தேகிக்க வேண்டாம். மூன்றில் ஒன்றைக் கணினியால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பொடியாகச் சிந்தியது அது.

கடைசிக் கணக்கு (x^6)^(1/2). அவள் x^3 என்று எழுதியிருந்தாள். இப்போது கேட்காமலே 1 போட்டாள், சரி. 2 போட்டாள்: 64-இன் வர்க்கமூலம் 8, 2^3-ம் 8. “ரெண்டும் தேறிடுச்சு. நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு போதும்னு?”

“மிகை எண்ணா இருந்தான்னும் சொன்னேனே. -2 போடு.”

(-2)^6 என்பது 64. வர்க்கமூலம் 8. ஆனால் (-2)^3 என்பது -8. ஒரு பக்கம் 8, மறு பக்கம் -8. இரட்டைப்படை அடுக்கு x-இன் குறியை முதலிலேயே விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு வர்க்கமூலம் எடுத்தால் மிகை எண்தான் வெளியே வரும், விழுங்கிய மைனஸ் திரும்பாது. x எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றால் விடை x^3 அல்ல. X-இன் குறியை நீக்கிவிட்டு எடுத்த கனம், |x|^3. ஒரு வர்க்கமூலமோ நான்காம் மூலமோ வந்து, விடையில் ஒற்றைப்படை அடுக்கு மிஞ்சினால், ஒரு குறை எண்ணையும் போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

இது இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. -8-இன் கனமூலம் -2, ஏனென்றால் -2-ஐ மூன்று தடவை பெருக்கினால் -8. இப்போது 1/3-ஐ 2/6 என்று எழுதுங்கள், பின்னம் மாறவில்லை. -8-ஐ வர்க்கம் பண்ணினால் 64; அதன் ஆறாம் மூலம் 2. அதே எண், அதே அடுக்கு. ஒரு தடவை -2, ஒரு தடவை 2. எங்கேயும் கை பிசகவில்லை. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்கலாம் என்ற விதி, பின்ன அடுக்கு வரும்போது மிகை அடிமானத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறது. குறை எண்ணுக்கு அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பயிற்சித்தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில், நகலெடுத்ததில் பாதி மங்கிப்போய், ஒரு வரி: ‘எல்லா மாறிகளும் மிகை எண்கள் எனக் கொள்க.’

“அப்போ நான் எழுதின x^3 சரிதான்!” என்று சொல்லிவிட்டு, முதல் கணக்கை மட்டும் அடித்துத் திருத்தினாள்.